சுண்டலும் டீயும் ஒன்றாக வேண்டாம்

தாய்மார்களே, ரத்தசோகை என்றதும் நம் வீடுகளில் மாதுளையும் பீட்ரூட்டும் வந்துவிடும். சிவப்பாக இருப்பதாலேயே ரத்தம் ஊறிவிடாது. 13 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 30 மில்லிகிராம் இரும்பு வேண்டும். 100 கிராம் மாதுளையில் அரை மில்லிகிராம்கூடத் தேறாது. அதே எடை கொள்ளில் எட்டுக்கு மேல் உண்டு. கம்பு, தட்டைப்பயறு, முருங்கைக்கீரையும் நல்லவைதான்.

ஆனால் இவற்றையெல்லாம் சாப்பிட்டும் ரத்தம் ஏறாத பிள்ளைகள் உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். சைவம், ஹீமோகுளோபின் 10.2. 12 இருக்க வேண்டும். வீட்டில் யாருக்கும் தெரியாமல் பச்சரிசியை அள்ளி மென்றுகொண்டிருப்பாள். அதுவும் ஓர் அறிகுறிதான். காலையில் இட்லியோடு டீ. பள்ளி விட்டு வந்ததும் கொள்ளுச் சுண்டல், அதோடும் ஒரு டம்ளர் டீ. டீயின் துவர்ப்பு இருக்கிறதே, அது பயறிலும் கீரையிலும் உள்ள இரும்பைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு குடிக்கும் ஒரே டம்ளர், உடம்பில் சேர வேண்டிய இரும்பைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடும். காபியும் இதையே செய்யும், கொஞ்சம் குறைவாக.

டீயை நிறுத்தச் சொல்லவில்லை; சொன்னால் யார் கேட்கப் போகிறீர்கள்! நேரத்தை மாற்றுங்கள். நாலரைக்குச் சுண்டல், ஆறு மணிக்கு டீ. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி போதும். கொள்ளை முதல் நாள் இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். முளைகட்டினால் இன்னும் நல்லது.

டீ இருந்த இடத்தில் வைட்டமின் சி வரட்டும். சுண்டலை இறக்கி, சூடு தணிந்தபின் எலுமிச்சை பிழியுங்கள். அடுப்பில் கொதித்தால் அந்தச் சத்து அழியும். எலுமிச்சையைவிடக் கொய்யாவில் பல மடங்கு அதிகம். அரைக் கொய்யாவை நறுக்கிச் சுண்டலோடு கொடுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுத்தால் அந்த இரும்புக்கு உதவாது. ஒரே வேளையில் வயிற்றுக்குள் போக வேண்டும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன்: 10.2-ஐ உணவு மட்டும் தூக்கிவிடாது. டாக்டர் தரும் இரும்பு மாத்திரை வேண்டும். அதையும் டீயோடோ பாலோடோ விழுங்கக் கூடாது. எலுமிச்சைச் சாறு நல்லது. குமட்டினால் சாப்பிட்டபின் போடலாம். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து பல பிள்ளைகள் சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். அது மாத்திரையின் நிறம்தான்.

ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் மாத்திரை உள்ளே போகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு குடற்புழு மருந்து கொடுத்து எத்தனை மாதமாயிற்று, மாதவிலக்கு ஏழு நாளைத் தாண்டுகிறதா என்று கேளுங்கள். தாண்டினால் அதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். பிள்ளை கூச்சத்தில் சொல்லமாட்டாள்.