வாஷிங் மெஷினில் மறந்த துணி எப்படி மீம் ஆகிறது?

காட்சி: ஓடி முடித்து நின்றிருக்கும் வாஷிங் மெஷின். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஈரத் துணி சுருண்டு கிடக்கிறது.

வணக்கம். துணி துவைப்பது, பில் கட்டுவது, இரவுக்குச் சமைப்பது ஆகிய மூன்றையும் வைத்து உலவும் மீம்களை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். பெரியவர்களுக்கான அன்றாடப் பொறுப்புகளைச் சமாளிப்பதைக் குறிக்கும் சொல்லை வைத்து அடல்ட்டிங் மீம்கள் என்று அழைக்கப்படும் இவற்றில் யாரும் பெரிய சாகசம் எதையும் செய்துவிடுவதில்லை. மின்கட்டணத்தைக் கடைசித் தேதிக்கு முன்பே கட்டிவிட்டேன் என்று ஒருவர் மேடையேறிப் பதக்கம் வாங்கியவரைப் போல அறிவிக்கிறார். இன்னொருவர் படுக்கை விரிப்பை மாற்றப் போய்ப் பாதியிலேயே அதன்மேல் படுத்துவிட்டதாகச் சொல்கிறார். நாம் சிரிக்கிறோம். அதே மனிதர் நேரில் வந்து சாதாரணக் குரலில் "இன்று துணி துவைத்தேன்" என்று சொன்னால் யாருக்கும் சிரிப்பு வருவதில்லை. இடையில் என்ன நடக்கிறது என்பதை, மெஷினில் மறந்துபோன ஈரத் துணியைப் பற்றிய ஒரு மீமைப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்.

காட்சி: மெஷின் மூன்று முறை ஒலி எழுப்புகிறது. அடுத்த அறையில் இருப்பவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் கைப்பேசிக்குத் திரும்புகிறார்.

முதலில் நிகழ்வு. மெஷின் வேலையை முடித்து ஒலி எழுப்புகிறது. அது நம் காதில் விழுகிறது, கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம், பிறகு தூங்கிவிடுகிறோம். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் புளித்த வாடை முகத்தில் அடிக்கிறது. இதற்கு உண்மையான காரணம் உண்டு. துவைத்த பிறகும் சில பாக்டீரியாக்கள் துணியில் தங்கிவிடுகின்றன. துணி வெகுநேரம் ஈரமாகவே இருந்தால் அவை பெருகுகின்றன. அந்த வாடைக்கு மொராக்ஸெல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா முக்கியக் காரணம் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். எனவே துணியை மறுபடியும் துவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. நம்மிடம் கேட்கப்பட்டதோ எழுந்து போய் ஒரு கதவைத் திறக்கும் வேலை மட்டுமே. அதில்தான் நாம் தோற்றிருக்கிறோம். நகைச்சுவைக்கான சரக்கு இந்த இடத்தில்தான் இருக்கிறது.

காட்சி: வெற்றுத் திரையில் வாசகங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.

இப்போது இதை மீமாக எழுதிப் பார்ப்போம். முதல் வரைவு: "எனக்குத் துணி துவைக்கவே பிடிக்காது." இது வெறும் கருத்து. படிப்பவர் ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், ஆனால் சிரிக்க இதில் ஒன்றுமில்லை. இரண்டாம் வரைவு: "துணியை மெஷினில் போட்டுவிட்டு மறந்துவிட்டேன், அதனால் மறுபடியும் துவைக்க வேண்டியதாயிற்று." இதில் நிகழ்வு வந்துவிட்டது, காரணமும் வந்துவிட்டது, ஆகவே படிப்பவர் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. மூன்றாம் வரைவு: "இந்தச் சட்டையை மூன்றாவது முறையாகத் துவைக்கிறேன். இன்னும் ஒருமுறைகூட உடுத்தவில்லை."

மூன்றாவதில் மறந்துபோனது பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். உடுத்தாத சட்டை எப்படி மூன்று முறை அழுக்காகும் என்று படிப்பவர் ஒரு கணம் தடுமாறி, தன் வீட்டு மெஷினை நினைத்து, விடையைத் தானே கண்டுபிடிக்கிறார். அந்தக் கண்டுபிடிப்புதான் சிரிப்பாக வெடிக்கிறது. இரண்டு வாக்கியங்களையும் இடம் மாற்றிப் போட்டால் புதிர் முன்பே அவிழ்ந்து, நகை பாதியாகிவிடும். மீம் எழுதிப் பழகியவர்கள் சொற்களைச் சேர்ப்பதைவிட வெட்டுவதில்தான் அதிக நேரம் செலவிடுவார்கள். பெரும்பாலும் முதலில் வெட்டப்படுவது காரணத்தைச் சொல்லும் பகுதியாகவே இருக்கும்.

காட்சி: அதே வாசகம், முதலில் துணிக் குவியலின் படத்தின் மேல், பிறகு முழு அலங்காரத்துடன் வெறித்துப் பார்க்கும் பழங்கால அரசர் ஓவியத்தின் மேல்.

அடுத்தது படம். துணி பற்றிய வாசகத்துக்குத் துணிப் படத்தையே வைத்தால், சொன்னதையே படமும் திரும்பச் சொல்கிறது. போரில் நாட்டை இழந்தவரைப் போல வெறித்துப் பார்க்கும் அரசரின் ஓவியத்தை வைத்தால், சட்டையின் சிறுமையும் முகத்தின் பெருந்துயரமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. அற்பமான செய்தியைக் காவிய முகத்தோடு சொல்வது மிகப் பழைய உத்தி. மீம் அதை ஒரே சட்டகத்துக்குள் அடக்கிவிடுகிறது.

இது ஏன் சிரிப்பாக வேலை செய்கிறது என்பதற்குப் பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் என்ற இரு ஆய்வாளர்கள் 2010-இல் முன்வைத்த விளக்கம் பொருத்தமானது. ஒன்று இப்படி இருக்க வேண்டும் என்ற நம் எண்ணம் மீறப்பட வேண்டும். ஆனால் அந்த மீறல் யாருக்கும் தீங்கில்லாததாகத் தோன்ற வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் மனத்தில் பட வேண்டும். வளர்ந்த மனிதர் ஒருவர் சட்டை துவைக்கத் தடுமாறுவது மீறல். நாற்றமடிக்கும் சட்டையால் உலகம் முடிந்துவிடாது என்பது தீங்கின்மை. இரண்டில் எது குறைந்தாலும் சிரிப்பு இல்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இதையே வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. "எள்ளல் இளமை பேதைமை மடனென்று உள்ளப் பட்ட நகைநான் கென்ப" என்று நகை பிறக்கும் இடங்களை அது நான்காக வகுக்கிறது. அடல்ட்டிங் மீம்களில் பெரும்பாலானவை இரண்டாவதான இளமையின் மேல் நிற்பவை. வேலைக்குப் போய், வாடகை கொடுத்து, வரிப் படிவம் நிரப்பும் ஒருவர், தன்னைப் பெரியவர்களின் உடையை மாட்டிக்கொண்டு நிற்கும் குழந்தையாகக் காட்டிக்கொள்கிறார். எள்ளலும் இருக்கிறது, ஆனால் எள்ளப்படுபவர் அவரேதான். தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர், பிறரை எள்ளி நகுவதோடு, தான் எள்ளப்படும்போது தனக்கே வரும் நகையையும் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

காட்சி: கையில் துடைப்பத்தை உயர்த்தி ஆர்ப்பரிக்கும் எளிய கோட்டோவிய உருவம்.

இந்த வகையின் தொடக்கக் கால அடையாளங்களில் ஒன்று, அலி ப்ரோஷ் என்ற அமெரிக்க ஓவியர் 2010-இல் தம் இணையதளத்தில் வெளியிட்ட சித்திரக்கதை. தான் ஏன் ஒருபோதும் பெரியவளாக மாட்டேன் என்று அவர் அதில் விளக்கினார். பொறுப்பானவளாக மாறுவது என்று முடிவெடுத்து, கடைக்கும் வங்கிக்கும் போய்வந்து, வீட்டிலுள்ள எல்லாவற்றையும் சுத்தம் செய்வேன் என்று அந்தப் பாத்திரம் வாய்பிளந்து முழங்குகிறது. சில நாள்களில் களைத்துப்போய், அதே வாசகத்தை ஆச்சரியக்குறிக்குப் பதிலாகக் கேள்விக்குறியோடு தளர்ந்து முனகுகிறது. முழங்கும் படம் கதையிலிருந்து பிரிந்து, சுத்தம் செய்வது என்ற இடத்தில் எந்த வினையையும் நிரப்பிக்கொள்ளக்கூடிய மீம் வார்ப்பாக ஆகிவிட்டது. என் கணிப்பில், கதையின் உண்மையான கூர்மை அந்தக் கேள்விக்குறியில்தான் இருக்கிறது. வீட்டு வேலையின் துயரம் அதன் கடினத்தில் இல்லை, அது முடிந்தே போகாது என்பதில் இருக்கிறது. கூடை காலியான நொடியில்கூட, உடம்பில் இருக்கும் உடை அடுத்த சுற்றுக்கான அழுக்குத் துணியாகக் காத்திருக்கிறது.

நாற்காலி மீமையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ஒருமுறை போட்ட, ஆனால் இன்னும் கூடைக்குப் போகாத உடைகளுக்கு எல்லா வீடுகளிலும் ஒரு நாற்காலி ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதே அதன் முழு நகைச்சுவையும்.

காட்சி: திறக்கப்படாத கடித உறை. கை அதை மெல்லத் தள்ளி மற்ற காகிதங்களுக்கு அடியில் செருகுகிறது.

பில்லைச் சிரிப்பாக்குவது துணியைவிடக் கடினம், ஏனெனில் தீங்கில்லாமை அங்கே உறுதியாக இல்லை. நல்ல பில் மீம்கள் தொகையைப் பற்றி அதிகம் பேசாததை நீங்கள் கவனித்திருக்கலாம். தொகையைச் சொன்னால் சிலருக்கு அது சிறிதாகவும் சிலருக்கு அச்சமாகவும் இருக்கும், கூட்டம் உடனே இரண்டாகப் பிரிந்துவிடும். எனவே அவை நடத்தையைப் பற்றிப் பேசுகின்றன: பிரிக்காத உறைக்குள் இருக்கும் பில் இன்னும் வரவில்லை என்று நம்புவது, அல்லது "சம்பளம் என்னைப் பார்க்க வந்தது, பில்லைக் கண்டதும் கிளம்பிவிட்டது" என்று சொல்வது. முதலாவது, தொல்காப்பியம் சொல்லும் பேதைமையின் நேரடி உதாரணம்.

ஆனால் நாளை மின்சாரம் துண்டிக்கப்படும் நிலையில் இருப்பவர் அதே மீமைப் பகிர்ந்தால், அது மீம் வடிவில் வந்த முறையீடு. இரண்டையும் வேறுபடுத்தப் பதில்களைப் பாருங்கள். "நானும்தான்" என்று பதில்கள் குவிந்தால் அது நகைச்சுவையாக வாழ்கிறது. "எவ்வளவு தேவை, தனியாகப் பேசலாமா" என்று நண்பர்கள் கேட்கத் தொடங்கினால், மீறல் மட்டும் மிஞ்சித் தீங்கின்மை போய்விட்டது என்று பொருள்.

காட்சி: ஃபிரிட்ஜ் கதவு திறந்து மூடுகிறது. சிறிது நேரத்தில் மறுபடியும் திறக்கிறது. உள்ளே அதே மூடி போட்ட பாத்திரம்.

இரவுச் சமையல் மீம்களில் பெரும்பாலும் சமையலே இருப்பதில்லை. இருப்பது "என்ன சமைப்பது" என்ற கேள்விதான். ஒரு நாளுக்கு ஒருமுறை என்று வைத்தாலும் 50 ஆண்டுகளில் இந்தக் கேள்வி சுமார் 18,250 தடவை வருகிறது. ஒவ்வொரு தடவையும் வீட்டில் என்ன இருக்கிறது, எது கெட்டுப்போகப் போகிறது, யாருக்கு எது ஆகாது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்த்த பிறகே அடுப்புப் பற்றவைக்கப்படுகிறது. இந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரியாத உழைப்பு என்பதால், அதை மீம் வெளியே இழுத்துப் போடும்போது பலருக்கு அது விடுதலையாக இருக்கிறது. "என்ன சமைப்பது என்று நேற்றுத்தானே முடிவு செய்தேன், இன்றும் கேட்கிறார்களே" என்ற வாசகத்தின் நகை, முடிவில்லாத ஒன்றை முடிந்துவிட்டதாக நம்பியதாக நடிப்பதில் இருக்கிறது. புதிதாக எதுவும் வந்திருக்காது என்று தெரிந்தே ஃபிரிட்ஜை மறுபடி திறப்பதும் அதே நடிப்புதான்.

ஆனால் இந்த வாசகத்தை யார் சொல்கிறார் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. தினமும் சமைப்பவர் சொன்னால், தன்னைத் தானே எள்ளுவது. ஒருநாளும் சமைக்காமல் தட்டின் முன் அமர்பவர், தமக்கு அடுப்பைப் பற்றவைக்கவே தெரியாது என்று மீம் போட்டால், தெரியாமை என்ற வேடத்தின் விலையை வேறொருவர் அடுக்களையில் நின்று கொடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த மீமை அடுக்களையில் இருப்பவரிடம் காட்டிப் பாருங்கள். அவர் சிரிக்காவிட்டால், வாசகத்தை எத்தனை முறை திருத்தினாலும் அது தேறாது.