சொன்ன எண்ணும் அழுத்திய பொத்தானும்

நேயர்களுக்கு வணக்கம்.

இணையத்தில் ஒரு பொருளைக் கேட்டு, அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரியான வேறொன்று வந்து சேர்ந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். ஒன்று கேட்டால் ஆறு வந்ததும் உண்டு. ஆறு வந்தவர்கள் பெரும்பாலும் புகார் செய்வதில்லை, அது வேறு கதை. இந்தத் தவறுகள் நடக்கும் இடத்தில்தான் நான் வெகுகாலம் வேலை பார்த்திருக்கிறேன். கிடங்கில், ரேக்குகளுக்கு நடுவே, பொருளை எடுத்துப் பெட்டியில் போடும் அந்த ஒரு நிமிடத்தில். எங்கள் பேச்சில் அதற்கு பிக்கிங் என்று பெயர், எடுப்பவர் பிக்கர்.

ஒரு கணக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். நாளுக்கு 5000 ஆர்டர், ஒவ்வொன்றிலும் 4 பொருள் என்று வைத்துக்கொள்வோம். 20,000 முறை கை நீள வேண்டும். ஆயிரத்துக்கு 3 முறை தவறினால் 60 தவறு. ஆயிரத்துக்கு 3 என்பது கேட்க நல்ல மதிப்பெண் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அந்த 60-ம் ஏறக்குறைய 60 வெவ்வேறு வீடுகளுக்குப் போகும்.

காகிதப் பட்டியலை வைத்துக்கொண்டு எடுத்த காலத்தில் தவறுக்கு முக்கியமான காரணம் கண். ஒரு வரியைப் படித்து, ரேக்கைப் பார்த்து, மறுபடி காகிதத்துக்குத் திரும்பும்போது கண் அடுத்த வரியில் போய் விழும். ஒரு பொருள் விட்டுப்போகும், அல்லது மேல் வரியின் பொருளுக்குக் கீழ் வரியின் எண்ணிக்கை சேர்ந்துவிடும். இதைத் தடுக்க வந்தவைதான் வாய்ஸ் பிக்கிங்கும் பிக் டு லைட்டும். ஒன்று காதில் சொல்கிறது, மற்றது விளக்கைக் காட்டுகிறது. இரண்டிலும் பட்டியல் பிக்கரின் கையில் இல்லை. இருக்காத பட்டியலில் வரி தவறாது.

சரி, அத்தோடு பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. இங்கேதான் நான் எப்போதும் கேட்கும் கேள்வி வருகிறது. பிக்கர் "எடுத்துவிட்டேன்" என்று கருவிக்குத் தெரிவிக்கிறாரே, அந்த உறுதிமொழி உண்மையில் எதை நிரூபிக்கிறது?

முதலில் குரலைப் பார்ப்போம். பிக்கர் தலையில் ஹெட்செட், இடுப்பில் ஒரு சின்னக் கருவி. இரண்டு கையும் சும்மா இருக்கிறது, கண்ணும் சும்மா இருக்கிறது. காதில் ஒரு குரல், இந்த வரிசை, இந்த ரேக், இந்தத் தட்டு என்று சொல்கிறது. அவர் அங்கே போய், அந்தத் தட்டில் ஒட்டியிருக்கும் இரண்டு அல்லது மூன்று இலக்க எண்ணை வாய்விட்டுச் சொல்கிறார். 4, 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கணினியில் இருக்கும் எண்ணோடு பொருந்தினால்தான் எத்தனை எடுக்க வேண்டும் என்பதையே குரல் சொல்லும். பொருந்தாவிட்டால் "தவறான இடம்" என்று நிறுத்திவிடும். இந்த எண்ணைச் சரிபார்ப்பு எண் என்கிறோம். மொத்த ஏற்பாட்டுக்கும் உயிர் இதில்தான் இருக்கிறது. ஏனென்றால் தட்டின் முன் நின்று பார்த்தால் ஒழிய அந்த எண் தெரியாது. தெரியாது என்பதுதான் எண்ணம்.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிடங்கில் குரல் முறை வந்து சில மாதங்கள் நன்றாகப் போயிற்று. அப்புறம் தவறுகள் மெல்ல ஏறத் தொடங்கின. மேலாளர் ஹெட்செட் மேல் பழி போட்டார். இரைச்சல் அதிகம், கருவிக்குக் காது கேட்கவில்லை என்றார். தவறாகப் போன பொருள்களை ஒரு மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தோம். எல்லாமே கேட்ட பொருளுக்கு அடுத்த தட்டில் இருப்பவை. இடதுபக்கம், அல்லது வலதுபக்கம், அல்லது நேர் கீழே. தூரத்துத் தட்டிலிருந்து ஒன்றுகூட இல்லை. கருவிக்குக் காது கேட்கவில்லை என்றால் தவறு எங்கும் சிதறி விழும். இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் விழாது.

அடுத்து, அங்கேயே மிக வேகமான பிக்கர் ஓர் அக்கா, அவர் பின்னால் நடந்தேன். குரல் இடத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே அவர் வாயில் எண் வந்துவிட்டது. இன்னும் நாலைந்து எட்டு நடக்க வேண்டியிருந்தது. "எப்படிம்மா?" என்றேன். "தினமும் ஐம்பது தடவை இங்கேதானே சார் வர்றேன், மனப்பாடமா இருக்கு" என்றார். பெருமையாகச் சொன்னார். பெருமைக்குரியதுதான், ஞாபகசக்திக்கு. ஆனால் அந்த நொடியிலிருந்து அந்த எண் எதையும் நிரூபிக்கவில்லை. நடந்துகொண்டே எண்ணைச் சொல்கிறார், குரல் "மூன்று" என்கிறது, கை போய் மூன்றை எடுக்கிறது. கை எந்தத் தட்டுக்குள் போயிற்று என்பதற்குச் சாட்சி யாரும் இல்லை.

வேகமாக விற்கும் பொருள்கள் இருக்கும் தட்டுகளில்தான் இது நடக்கும். அடிக்கடி போகும் இடம்தானே மனதில் பதியும்? அதாவது, ஆர்டர் எங்கே குவிகிறதோ அங்கேதான் பாதுகாப்பு தானாகக் கழன்று விழுகிறது.

இதைக் கண்டுபிடிக்க யார் பின்னாலும் நடக்க வேண்டியதில்லை. குரல் இடத்தைச் சொன்ன நேரமும் பிக்கர் எண்ணைச் சொன்ன நேரமும் கணினியில் பதிவாகின்றன. முந்தைய தட்டிலிருந்து நடக்க ஆறு நொடி ஆகும் இடத்துக்கு ஒரு நொடியில் பதில் வந்தால், மனப்பாடம். அந்த ஒரு நொடிப் பதில்கள் எந்தத் தட்டுகளில் குவிகின்றன என்று பார்த்து, அந்தத் தட்டுகளில் மட்டும் எண்ணை மாற்றி ஒட்டினோம். மொத்தக் கிடங்கிலும் மாற்ற வேண்டாம், அது வீண் வேலை. முதல் சில நாள் வேகம் குறைந்தது, எல்லோரும் முணுமுணுத்தார்கள். அப்புறம் வேகம் திரும்பியது, பக்கத்துத் தட்டுத் தவறுகள் இறங்கின. சில மாதம் கழித்து மறுபடி மாற்ற வேண்டும். அதை யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் தொல்லை.

எண்ணை ஒட்டுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அடுத்தடுத்த தட்டுகளுக்கு 46, 47, 48 என்று வரிசையாகக் கொடுத்தால், ஒன்று தெரிந்தவருக்கு எல்லாம் தெரியும். கலைத்துத்தான் கொடுக்க வேண்டும். அப்புறம், இரண்டு தட்டுகளுக்கு நடுவே இருக்கும் இரும்புச் சட்டத்தில் ஒட்டினால், அந்த எண் மேல்தட்டுக்கா கீழ்தட்டுக்கா? பழையவருக்குத் தெரியும், நேற்றுச் சேர்ந்தவருக்குத் தெரியாது. அவர் எண்ணைச் சரியாகப் படித்து, சரியாகச் சொல்லி, தவறான தட்டில் எடுப்பார். கருவி "சரி" என்று சொல்லிவிடும். ஓர் அம்புக்குறி போட்டால் போதும். அந்த அம்புக்குறி இல்லாத கிடங்குகளை நான் இன்னும் பார்க்கிறேன்.

எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. குரல் "ஆறு" என்கிறது, பிக்கர் "ஆறு" என்கிறார். அவர் எண்ணினாரா, எதிரொலித்தாரா? அதைவிட மோசம், ஆறு தனிப் பொருளா, ஆறு ஆறாகக் கட்டிய பொட்டலம் ஆறா? ஆரம்பத்தில் சொன்னேனே, ஒன்று கேட்டு ஆறு வந்த கதை, அது பெரும்பாலும் இங்கிருந்துதான் புறப்படுகிறது. எண்ணோடு சேர்த்து அலகையும் குரல் சொல்ல வேண்டும். "ஒன்று, தனி" என்று. புகார்களில் கேட்டதற்கும் வந்ததற்கும் உள்ள விகிதம் எப்போதும் ஆறு மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்றே வந்தால் பிக்கரைத் திட்டாதீர்கள், அலகைப் பாருங்கள்.

இப்போது விளக்கு. ஒவ்வொரு தட்டின் முகப்பிலும் ஒரு விளக்கு, ஒரு சின்ன எண் திரை, ஒரு பொத்தான். ஆர்டர் பெட்டியின் பார்கோடை ஸ்கேன் செய்ததும், அந்தப் பகுதியில் எடுக்க வேண்டிய எல்லாத் தட்டிலும் விளக்கு எரியும். எண்ணைப் பார்த்து எடு, பெட்டியில் போடு, பொத்தானை அழுத்து. சிறிய இடத்தில் நெருக்கமாகப் பொருள் இருந்து, ஒவ்வொன்றும் அடிக்கடி விற்றால் இதற்கு ஈடான வேகம் குரலுக்கு வராது. ஆனால் தட்டு ஒவ்வொன்றுக்கும் கருவி வேண்டும். மாதம் ஒரு முறை விற்கும் பொருளுக்கும் விளக்கு வைத்தால் செலவு தாங்காது. குரலுக்கு ஆள் கணக்கில் செலவு, விளக்குக்குத் தட்டுக் கணக்கில் செலவு. அதனால்தான் பரந்த இடத்தில் குரலும் நெருக்கமான இடத்தில் விளக்கும் பார்க்கிறோம்.

அதே கேள்வி இங்கேயும். பொத்தான் எதை நிரூபிக்கிறது? யாரோ பொத்தானை அழுத்தினார்கள் என்பதை. அவ்வளவுதான். பழகிய கை, போகிற போக்கில் முதலில் அழுத்திவிட்டு அப்புறம் எடுக்கும். அழுத்தியதும் விளக்கு அணைகிறது, அதே நேரம் யாரோ கூப்பிடுகிறார்கள், திரும்பி வந்தால் எரியும் விளக்கு இல்லை. பொருள் விட்டுப்போயிற்று. ஆகவே பெட்டியில் போட்ட பிறகுதான் அழுத்த வேண்டும் என்பதைப் பழக்கமாக்க வேண்டும். கை தட்டுக்குள் போனதை உணரும் சென்சாரும் இருக்கிறது. அது பொத்தானைவிட ஒரு படி மேல், கை சரியான தட்டுக்குப் போனதாவது தெரியும்.

விளக்கு முறைக்கே உரிய இன்னொரு தவறு, இரண்டு பெட்டிகள் இடம் மாறுவது. ஸ்கேன் செய்தது ஒரு பெட்டி, பொருளைப் போட்டது பக்கத்துப் பெட்டி. இதை அடையாளம் காண்பது எளிது. ஒரே நாளில் இரண்டு புகார் வரும், இவருக்கு வர வேண்டியது அவருக்கும் அவருக்கு வர வேண்டியது இவருக்கும் போயிருக்கும். தனித்தனியே படித்தால் இரண்டு மர்மம், சேர்த்துப் படித்தால் ஒரே தவறு.

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், வேகமாகச் சொல்கிறேன். குரலும் விளக்கும் இரண்டுமே இடத்தைத்தான் சரிபார்க்கின்றன, பொருளை அல்ல. இரவில் சரக்கு நிரப்புபவர் தட்டில் வேறு பொருளை வைத்துவிட்டால், காலையிலிருந்து எல்லாப் பிக்கர்களும் மிகச் சரியாக, ஒரு பிழையும் இல்லாமல், தவறான பொருளை அனுப்புவார்கள். ஒரே தவறான பொருள் பல ஆர்டர்களில் தொடர்ந்து வந்தால் பிக்கரிடம் போகாதீர்கள், நேரே அந்தத் தட்டுக்குப் போங்கள். நிரப்பும்போது பொருளின் பார்கோடு, தட்டின் பார்கோடு இரண்டையும் ஸ்கேன் செய்ய வைத்தால் இதில் பெரும்பகுதி நின்றுவிடும்.

கடைசியாக எடை பார்ப்பது பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், நேரம் இல்லை. மூடும் முன் பெட்டியை எடை போட்டு, கணக்குப்படி வர வேண்டிய எடையோடு ஒப்பிடுவார்கள். எண்ணிக்கைத் தவறை நன்றாகப் பிடிக்கும். கனமான பெட்டியில் லேசான பொருள் ஒன்று விட்டுப்போனால் பிடிக்காது. ஒரு பொருளின் பொதியுறை மாறினால் கணினியிலும் அதன் எடையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் நல்ல பெட்டிக்கெல்லாம் மணி அடித்து, இரண்டே நாளில் யாராவது அந்த மணியை அணைத்துவிடுவார்கள்.

நேரம் முடிந்தது. வணக்கம்.