ஆயிரத்து எண்ணூறு ரூபாயின் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் சம்பளச் சீட்டு பக்கத்தில் இருந்தால் பி.எஃப். பிடித்தம் என்ற வரியைப் பாருங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பலருக்கு அங்கே 1,800 என்று இருக்கும். சம்பளம் இருபதாயிரம் என்றாலும் 1,800, நாற்பதாயிரம் என்றாலும் 1,800. போன வருடம் சம்பளம் கூடிய பிறகும் அதே 1,800. எங்கிருந்து வந்தது இந்த எண்?

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பொதுவாகப் பன்னிரண்டு சதவீதம் தொழிலாளி தர வேண்டும், அதே அளவு முதலாளியும் தர வேண்டும். ஆனால் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 1952-ல் சட்டம் வந்தபோது அது முந்நூறு ரூபாய். ஆமாம், மாதம் முந்நூறு. 2001-ல் 6,500 ஆனது. 2014 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து 15,000. பதினைந்தாயிரத்துக்குப் பன்னிரண்டு சதவீதம் போட்டால் 1,800. அவ்வளவுதான்.

சம்பளப் பட்டுவாடா கணக்கைப் பல வருடமாகப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். பன்னிரண்டு சதவீதத்தில் யாரும் தடுக்கி விழுவதில்லை. தடுக்குவதெல்லாம் அந்த உச்சவரம்பில்தான். கணினியில் அதை எழுத இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று MIN, கொடுத்த எண்களில் சிறியதைத் தரும். இன்னொன்று MAX, பெரியதைத் தரும். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டதால் வந்த கூத்து ஒன்றைச் சொல்கிறேன்.

ஓர் அச்சகம். ஒரு காலத்தில் இருபது பேருக்கு மேல் வேலை பார்த்த இடம், இப்போது ஆறு பேர்தான். ஆறு பேருக்கு எதற்கு பி.எஃப். என்று கேட்பீர்கள். இந்தச் சட்டம் ஒரு நிறுவனத்தை ஒருமுறை பிடித்துவிட்டால், அப்புறம் ஆள் குறைந்தாலும் விடாது. இங்கே ஆள் குறைந்த பிறகும் பன்னிரண்டு சதவீதமே கட்டிவந்தார்கள். அங்கே புதிதாக ஒரு தம்பி கணக்கெழுத வந்தார். முதலாளி அவரிடம், "தம்பி, பி.எஃப்.புக்கு அதிகபட்சம் பதினைந்தாயிரம், அதைக் கணக்கில் ஏற்றிவிடு" என்றார். அதிகபட்சம் என்று காதில் விழுந்ததும் தம்பி MAX என்று தட்டிவிட்டார். சமக்குறி, MAX, அடைப்புக்குறிக்குள் சம்பளம், காற்புள்ளி, பதினைந்தாயிரம். பிறகு பன்னிரண்டு சதவீதம். பிழை என்று கணினி எதுவும் சொல்லவில்லை. அதன் கண்ணுக்கு அதில் பிழையே இல்லை.

சம்பள நாளன்று பைண்டிங் வேலை பார்க்கும் ஓர் அக்காவுக்குச் சீட்டு வந்தது. அவர் சம்பளம் 11,500. நியாயமாக 1,380 பிடிக்க வேண்டும். 1,800 பிடித்திருந்தது. பக்கத்து மேசைக்காரருக்கு 13,000 சம்பளம், 1,560 பிடிக்க வேண்டும். அவருக்கும் 1,800. அந்த அக்கா பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். அவர் கேட்ட கேள்வியைத்தான் நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "எனக்கும் அவருக்கும் சம்பளம் வேற வேற. பிடித்தம் மட்டும் எப்படி சார் ஒண்ணா இருக்கு?"

அதே நேரத்தில் மேற்பார்வையாளர் உள்ளே வந்தார். அவர் சம்பளம் 24,000. அவருக்கு 1,800-தான் பிடிக்க வேண்டும், பிடித்தது 2,880. கவனியுங்கள் நேயர்களே, இங்கே எல்லாம் தலைகீழாக நடந்திருக்கிறது. வரம்புக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பிடித்தம் ஆளுக்கு ஆள் வேறுபட வேண்டும், மேலே இருப்பவர்களுக்கு ஒரே தொகையாக நிற்க வேண்டும். அச்சகத்தில் கீழே இருந்தவர்களுக்கெல்லாம் ஒரே தொகை, மேலே இருந்தவருக்குக் கூடிக்கொண்டே போகிறது. MAX போட்டால் பதினைந்தாயிரம் கூரையாக நிற்காது, தரையாகிவிடும். யாரும் அதற்குக் கீழே இறங்க முடியாது.

நல்லவேளையாக, பி.எஃப். பணத்தைக் கட்ட அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி வரை நேரம் உண்டு. அதற்குள் சூத்திரத்தைத் திருத்தி, கூடுதலாகப் பிடித்ததைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒரு சொல்லைத்தான் மாற்றினார்கள். MAX இருந்த இடத்தில் MIN. சம்பளம், பதினைந்தாயிரம், இரண்டில் சிறியது எதுவோ அதற்குப் பன்னிரண்டு சதவீதம்.

மறுபடியும் சொல்கிறேன், வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்களும் இருப்பீர்கள். இதற்கு மேல் போகக் கூடாது என்றால் MIN. இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்றால் MAX. காதில் விழுகிற சொல்லுக்கு நேர் எதிராகத்தான் கை போக வேண்டும்.

சரி, MAX-க்கு இதில் வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. அதே அச்சகத்திலேயே இருக்கிறது. பி.எஃப். அலுவலகத்துக்கு நிர்வாகக் கட்டணம் என்று முதலாளி தனியாக ஒரு தொகை கட்ட வேண்டும். மொத்த பி.எஃப். சம்பளத்தில் அரை சதவீதம், ஆனால் மாதம் ஐந்நூறு ரூபாய்க்குக் குறையக் கூடாது. ஆறு பேருடைய சம்பளத்தையும் வரம்புக்கு உட்படுத்திக் கூட்டினால் 77,000 வருகிறது. அரை சதவீதம் 385. ஐந்நூறுக்குக் கீழே இருப்பதால் ஐந்நூறாகக் கட்ட வேண்டும். இங்கே MAX போட்டால்தான் சரி. மொத்தச் சம்பளம் ஒரு லட்சத்தைத் தாண்டினால் அரை சதவீதமே ஐந்நூறைத் தாண்டிவிடும், அப்புறம் இந்தத் தரை யார் காலிலும் படாது.

ஒரு விஷயம். இந்த ஐந்நூறு நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து. ஒவ்வொருவர் வரிசையிலும் MAX போட்டுவிட்டுக் கீழே கூட்டினால் ஆறு பேருக்கு மூவாயிரம் ஆகிவிடும். உச்சவரம்பை ஆளுக்கு ஆள் போட்டுவிட்டுப் பிறகு கூட்ட வேண்டும், நிர்வாகக் கட்டணத்தில் கூட்டிவிட்டுப் பிறகு தரையைப் போட வேண்டும்.

வரிசை என்றதும் சம்பளமில்லா விடுப்பு ஞாபகத்துக்கு வருகிறது. ஒருவருக்கு மாதச் சம்பளம் 21,000. முப்பது நாள் மாதத்தில் பத்து நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்துவிட்டார். கையில் வருவது 14,000. பிடித்தம் எவ்வளவு?

சிலர் 21,000-க்கு முதலில் MIN போடுகிறார்கள், 15,000 வருகிறது. அதை முப்பதால் வகுத்து இருபதால் பெருக்கிப் பத்தாயிரம் என்கிறார்கள். பிடித்தம் 1,200. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் சம்பாதித்தது 14,000. அது வரம்புக்குக் கீழேதானே? அப்படியானால் வரம்பு குறுக்கே வர வேலையே இல்லை. 14,000-க்குப் பன்னிரண்டு சதவீதம் 1,680 பிடிக்க வேண்டும். தொழிலாளி பங்கில் 480 குறைந்தது, முதலாளி பங்கிலும் 480 குறைந்தது. பதினைந்தாயிரம் என்பது மாதச் சம்பளத்துக்கான வரம்பு. ஆள் விடுப்பு எடுத்தால் சம்பளம்தான் சுருங்கும், வரம்பு சுருங்காது. அதனால் விடுப்பை முதலில் கழியுங்கள், MIN பிறகு வரட்டும். சீட்டிலேயே இதைக் கண்டுபிடித்துவிடலாம். வாங்கிய சம்பளம் பதினைந்தாயிரத்துக்குக் கீழே இருந்து, பி.எஃப். சம்பளம் என்ற இடத்தில் அதையும்விடக் குறைந்த எண் இருந்தால் காரணம் கேளுங்கள்.

இப்போது முதலாளி பங்கு. அந்தப் பன்னிரண்டு சதவீதம் முழுவதும் உங்கள் சேமிப்பில் விழுவதில்லை. அதில் 8.33 சதவீதம் ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. அதற்கும் அதே பதினைந்தாயிரம் வரம்பு. ரூபாய்க்கு முழுமையாக்கினால் அதிகபட்சம் 1,250. மீதிதான் உங்கள் பி.எஃப். கணக்குக்கு வரும். வழக்கமாக அந்த மீதியை 3.67 சதவீதம் என்று சொல்வார்கள். இந்த 3.67 மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

ஏனென்று சொல்கிறேன். அந்த 24,000 சம்பள மேற்பார்வையாளரையே எடுத்துக்கொள்வோம். அவரும் முதலாளியும் சம்மதித்து, வரம்பைப் பார்க்காமல் முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு வழி இருக்கிறது. தொழிலாளி பங்கு 2,880. முதலாளி பங்கும் 2,880. ஓய்வூதியத்துக்கு வரம்பு அப்படியே நிற்கிறது, 1,250-தான். மீதி 1,630 பி.எஃப். கணக்குக்கு வர வேண்டும். சூத்திரத்தில் 3.67 சதவீதம் என்று எழுதிவைத்திருந்தால் 24,000-க்கு 881 ரூபாய்தான் வரும். 749 ரூபாய் எந்தக் கணக்கிலும் விழாமல் மாதாமாதம் காணாமல் போகும். வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு 3.67 சரியாகவே வருவதால் இந்தப் பிழை வருடக்கணக்கில் ஒளிந்துகொண்டிருக்கும். முழுச் சம்பளத்துக்குக் கட்டும் முதல் ஆள் வந்த பிறகுதான் வெளியே தெரியும். அதனால் அந்த மீதியைச் சதவீதத்தால் பெருக்கவே வேண்டாம். பன்னிரண்டு சதவீதத் தொகையிலிருந்து ஓய்வூதியத் தொகையைக் கழியுங்கள், மிச்சம் எதுவோ அதுதான்.

நிலையக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம். நிதானமாகப் பேச வைத்திருந்ததை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன்.

சூத்திரம் எழுதியதும் மூன்று சம்பளங்களைப் போட்டுப் பாருங்கள். பத்தாயிரம், சரியாகப் பதினைந்தாயிரம், இருபதாயிரம். 1,200, 1,800, 1,800 வர வேண்டும். MAX போட்டிருந்தால் 1,800, 1,800, 2,400 என்று வந்து காட்டிக்கொடுத்துவிடும். பதினைந்தாயிரத்தை மட்டும் போட்டுப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், அங்கே MIN, MAX இரண்டும் ஒரே விடையைத்தான் தரும்.

பதினைந்தாயிரத்தைச் சூத்திரத்துக்குள் எழுதாமல் தனிக் கட்டத்தில் வையுங்கள், எந்தத் தேதியிலிருந்து என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பழைய மாதத்துக்குக் கணக்குப் போட நேர்ந்தால் அந்த மாதத்தில் இருந்த வரம்புதான் செல்லும்.

கடைசியாக, MIN போட்டும் சரிவராத இரண்டு பேர். ஐம்பத்தெட்டு வயது நிறைந்தவருக்கு ஓய்வூதியப் பங்கு பிடிக்கக் கூடாது. 2014 செப்டம்பர் முதல் தேதியிலோ அதற்குப் பிறகோ முதன்முதலாகச் சேர்ந்து, சேரும்போதே பதினைந்தாயிரத்துக்கு மேல் வாங்கியவருக்கும் அப்படித்தான். இவர்கள் இரண்டு பேருக்கும் அந்த 1,250 இருக்கும் இடத்தில் பூஜ்யம் வர வேண்டும், முதலாளி பங்கு முழுவதும் பி.எஃப். கணக்குக்கே போக வேண்டும். சூத்திரம் பார்ப்பது சம்பளத்தை மட்டும். பிறந்த தேதியையும் சேர்ந்த தேதியையும் அதற்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். விளக்கு எரிந்துவிட்டது, வணக்கம்.