பையில் என்ன குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது

நேயர்களுக்கு வணக்கம். ஜவ்வாது மலையில் மூன்று நாள் நடக்க வனத்துறை அனுமதி வாங்கிவிட்டீர்கள், பை கட்ட வேண்டும். அறுபது கிலோ எடையுள்ளவர் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் சுமக்காமல் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் இறக்கத்தில் முட்டிதான் முதலில் பேசும்.

பை கனத்தால் பலர் முதலில் எடுத்து வெளியே வைப்பது தண்ணீரையும் மருந்துப் பையையும். தப்பு அங்கேதான். மருந்து, ஹெட்லாம்ப், மாற்று பேட்டரி, விசில், கிரேப் பேண்டேஜ், ஓ.ஆர்.எஸ். எல்லாம் சேர்ந்தாலும் ஒரு கிலோ வராது. ஒரு ஜீன்ஸ் மட்டுமே முக்கால் கிலோ நெருங்கும், நனைந்தால் இன்னும் கனக்கும், சீக்கிரம் காயவும் காயாது. அதை வீட்டில் விடுங்கள்.

கணக்கு இப்படிப் போகட்டும். காலிப் பை, தூங்கும் பை, பாய், கூடாரத்தில் உங்கள் பங்கு, துணி, அடுப்பு, பாதுகாப்புப் பொருள் எல்லாம் ஏழு கிலோ. அவல், கடலை மிட்டாய், பேரீச்சை என்று சாப்பாடு இரண்டு கிலோ. மீதி மூன்று கிலோ தண்ணீருக்கு. மலைச் சாமையும் தேனும் வாங்க ஆசை வரும். இறங்கும் நாளில் வாங்குங்கள்.

மூன்று லிட்டர் என்பது மூன்று நாளைக்கு அல்ல. மணிக்கு அரை லிட்டர் வீதம் ஆறு மணி நேர நடைக்குத்தான். அதனால் வழியில் எங்கே தண்ணீர் என்பதை ஊர்க்காரர்களிடம் முன்பே கேட்டாக வேண்டும். மழைக்காலம் முடிந்து ஓடும் ஓடை, மாசி பங்குனியில் வெறும் கல்லாகக் கிடக்கலாம். கடைசி ஒரு லிட்டரை அடுத்த ஊற்றைக் கண்ணால் பார்க்கும் வரை தொடாதீர்கள். மூன்றையும் ஒரே கேனில் ஊற்றாமல் மூன்று சாதாரண பிளாஸ்டிக் பாட்டிலில் வையுங்கள். ஒன்று ஒழுகினாலும் இரண்டு மிஞ்சும். ஸ்டீல் பாட்டில் வெறுமையிலேயே பிளாஸ்டிக்கைவிடக் கனம். ஓடைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். வடிகட்டாமல் போட்டால் கலங்கலில் மாத்திரையின் வேகம் போய்விடும். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒன்றை முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், டம்ளரில் அல்ல.

துணியில் ஒரு செட்டைத் தூங்குவதற்கென்றே பாலிதீன் பைக்குள் கட்டி வையுங்கள். மழை உறை பையின் முதுகுப் பக்கத்தை மூடாது, தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும். தண்ணீரும் சாப்பாடும் முதுகை ஒட்டி, தோள்களுக்கு நடுவே இருக்கட்டும். இடுப்புப் பட்டையை வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மேல் இறுக்குங்கள். சரியாகப் பொருந்தினால், தோள்பட்டை வாருக்கும் தோளுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும். நுழையவில்லை என்றால் கனம் இன்னும் தோளில்தான் தொங்குகிறது. வாரைத் தளர்த்திவிட்டு, இடுப்புப் பட்டையை மறுபடி கட்டுங்கள்.