கிழக்கே கடிகாரம் ஏன் முந்துகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

டோக்கியோவில் திங்கட்கிழமை காலை 9 மணி. அங்கே வசிக்கும் ஒருவர் நியூயார்க்கில் இருக்கும் தம் தங்கையைத் தொலைபேசியில் அழைக்கிறார். குளிர்காலம் என்று வைத்துக்கொள்வோம். தங்கையின் வீட்டுக் கடிகாரத்தில் ஞாயிற்றுக்கிழமை இரவு 7 மணி. டோக்கியோ 14 மணி நேரம் முந்தியிருக்கிறது, நியூயார்க் 14 மணி நேரம் பிந்தியிருக்கிறது என்று சொல்கிறோம்.

இதைக் கேட்டதும் பலருக்கு ஒரு சந்தேகம் எழும். அண்ணன் ஏற்கெனவே திங்கட்கிழமைக்குள் நுழைந்துவிட்டார் என்றால், தங்கைக்கு இன்னும் நடக்காத ஏதோ ஒன்று அவருக்கு முன்பே தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது. அவர் "நலமா?" என்று கேட்ட அதே கணத்தில்தான் தங்கையும் அதைக் கேட்கிறாள். கணம் ஒன்றுதான். அந்த ஒரே கணத்துக்கு இரண்டு ஊர்களும் வெவ்வேறு எண்ணைச் சூட்டியிருக்கின்றன. இதை முதலில் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அந்த எண்கள் எப்படி வந்தன என்பதைப் பற்றியதுதான்.

எண்களைக் கொடுப்பது சூரியன். ஓர் ஊரின் வானில் சூரியன் அன்றைய மிக உயரமான இடத்துக்கு வந்து, நிழல் மிகக் குறுகும் வேளையை நண்பகல் என்கிறோம். அதை மனத்தில் பார்க்க ஒரு சிறு பயிற்சி செய்யலாம். வானொலியைக் கேட்டபடியே நீங்களும் செய்யலாம்.

இருட்டான அறையில், ஒரு விளக்குக்கு எதிரே நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். விளக்கு சூரியன், உங்கள் தலை பூமி, உச்சந்தலை வட துருவம். இப்போது நின்ற இடத்திலேயே மெதுவாக இடப்பக்கமாகத் திரும்புங்கள். பூமி சுழல்வதும் இப்படித்தான். அது எந்தப் பக்கமாகச் சுழல்கிறதோ அந்தப் பக்கம்தான் கிழக்கு. ஆகவே மூக்கிலிருந்து பார்த்தால் உங்கள் இடது காது கிழக்கே இருக்கிறது. வலது காது மேற்கே இருக்கிறது.

ஒரு முழுச் சுற்று முடிந்து, மூக்கு மீண்டும் விளக்குக்கு நேராக வந்தது. நில்லுங்கள். மூக்கில் இப்போது நண்பகல். இடது காது எங்கே? அது கால் சுற்றுக்கு முன்பே விளக்கைக் கடந்து போய்விட்டது. ஒரு சுற்றுக்கு 24 மணி நேரம் என்றால் கால் சுற்றுக்கு 6 மணி நேரம். இடது காதில் நண்பகல் முடிந்து 6 மணி நேரம் ஆயிற்று. அங்கே மாலை 6 மணி. வலது காது இன்னும் விளக்கின் எதிரே வரவில்லை. வரக் கால் சுற்று பாக்கியிருக்கிறது. அங்கே காலை 6 மணி.

கிழக்கில் உள்ள ஊர் முந்தியிருப்பதற்குக் காரணம் இவ்வளவுதான். கிழக்கில் உள்ள ஊர் சூரியனை முதலில் சந்தித்துவிட்டது. அதனால் அதன் கடிகாரம் கூடுதலாக ஓடியிருக்கிறது.

அளவும் இதிலிருந்தே கிடைத்துவிடும். முழுச் சுற்று 360 பாகை. அதை 24 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் ஒரு மணிக்கு 15 பாகை; ஒரு பாகைக்கு 4 நிமிடம். இந்த 4 நிமிடத்தைச் சிறிது என்று ஒதுக்கிவிட முடியாது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரம் லண்டனுக்கு மேற்கே ஏறக்குறைய இரண்டரைப் பாகை தள்ளி இருக்கிறது. அங்கே நண்பகல் லண்டனைவிடச் சுமார் 10 நிமிடம் தாமதமாக வரும். குதிரை வண்டிக் காலத்தில் யாருக்கும் இது தொல்லையாக இல்லை. ரயில் வந்து லண்டன் நேரப்படி ஓடத் தொடங்கியதும், ஊர்க் கடிகாரத்தை நம்பி நிலையத்துக்குப் போனவர் ரயிலைத் தவறவிடும் நிலை ஏற்பட்டது. பிரிஸ்டலின் பழைய வணிக மாளிகையில் உள்ள கடிகாரத்தில் இன்றும் இரண்டு நிமிட முட்களைக் காணலாம்: ஒன்று ஊர் நேரத்துக்கு, மற்றது லண்டன் நேரத்துக்கு. முந்துவதும் பிந்துவதும் என்னவென்று கண்ணால் காட்டித் தருவதற்கு அதைவிடச் சிறந்த பொருள் எனக்குத் தெரியாது.

ஊருக்கு ஒரு நேரம் என்ற ஏற்பாடு கட்டுப்படியாகவில்லை. அதனால் நாடுகள் மெல்ல மெல்ல நேர மண்டலங்களுக்கு மாறின. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதற்கு, 1884-இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு லண்டனை அடுத்த கிரீன்விச் வழியாகச் செல்லும் தீர்க்கரேகையைச் சுழியமாகப் பரிந்துரைத்தது. டோக்கியோவுக்கு +9, நியூயார்க்குக்கு −5 என்று இன்று எழுதுகிறோமே, அவை அந்தத் தொடக்கக் கோட்டிலிருந்து எத்தனை மணி நேரம் முந்தி அல்லது பிந்தி என்பதைத்தான் சொல்கின்றன.

இப்போது அண்ணன் தங்கை கணக்கைப் போடுவோம். அண்ணன் ஊரில் திங்கள் காலை 9 மணி. மேற்கு நோக்கிப் போகிறோம்; ஆகவே கழிக்க வேண்டும். முதலில் லண்டன் வரை 9 மணி நேரம் கழியுங்கள். சரியாக நள்ளிரவு 12 மணி; திங்கட்கிழமை பிறக்கும் கணம். அங்கிருந்து நியூயார்க்குக்கு இன்னும் 5 மணி நேரம் கழிக்க வேண்டும். நள்ளிரவைத் தாண்டிப் பின்னோக்கிச் செல்வதால் கிழமை ஞாயிறாகிவிடும். மணி இரவு 7. கோடையில் நியூயார்க்கில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள், ஜப்பானில் அந்த வழக்கம் இல்லை. அப்போது வித்தியாசம் 13 மணி நேரமாகும்.

தொடக்கத்தில் செய்கிற தவறு பெரும்பாலும் ஒன்றே: கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிடுவது. அப்படிச் செய்தால் நியூயார்க்கில் திங்கள் இரவு 11 மணி என்று வரும். தவறைக் கண்டுபிடிக்க விளக்கை நினைத்துக்கொண்டால் போதும். மேற்கே போகும்போது நேரம் குறைய வேண்டும். லண்டனில் நள்ளிரவு என்றால் அதற்கு மேற்கே உள்ள ஊரில் இன்னும் நள்ளிரவு ஆகியிருக்கக் கூடாது. திங்கள் இரவு 11 மணி அதோடு ஒத்துப்போகாது.

கூர்ந்து கேட்கும் நேயர் ஒருவர் இங்கே என்னைத் தடுத்து நிறுத்துவார். "பூமி உருண்டைதானே? டோக்கியோவிலிருந்து பசிபிக் கடல் வழியாகக் கிழக்கே போனாலும் நியூயார்க் வருமே? அப்படிப் பார்த்தால் நியூயார்க்தான் கிழக்கு. அதுதானே முந்தியிருக்க வேண்டும்?" இந்தக் கேள்வி மிக நல்ல கேள்வி. இதைக் கேட்காமல் மேலே போனால் பாடம் அரைகுறையாகவே நிற்கும்.

மறுபடியும் விளக்கின் எதிரே நில்லுங்கள். மூக்கில் திங்கள் நண்பகல். இடது காது வழியாகப் பிடரிக்குப் போங்கள்: மாலை 6, பிறகு திங்கள் முடியும் நள்ளிரவு. வலது காது வழியாகப் பிடரிக்குப் போங்கள்: காலை 6, பிறகு திங்கள் தொடங்கும் நள்ளிரவு. பிடரி ஒரே இடம். அங்கே இரண்டு வழிகளில் இரண்டு விடைகள். மணியில் மாற்றம் இல்லை, தேதியில் மட்டும் சரியாக ஒரு நாள் வித்தியாசம். உருண்டையைச் சுற்றிக் கிழக்கே கூட்டிக்கொண்டே போனால் இந்த முரண்பாடு எங்காவது ஓரிடத்தில் வந்தே தீரும். எங்கே வரவேண்டும் என்று மனிதர்கள் தீர்மானித்து வைத்த இடம்தான் தேதிக் கோடு. மூக்கு கிரீன்விச் என்றால் பிடரி 180 பாகை. அந்த ரேகையை ஒட்டி, பெரும்பாலும் பசிபிக் கடலின் மீது, அது செல்கிறது. கிழக்கு நோக்கி அதைக் கடந்தால் ஒரு நாளைக் கழிக்க வேண்டும். மேற்கு நோக்கிக் கடந்தால் ஒரு நாளைக் கூட்ட வேண்டும்.

அந்த நேயரின் வழியிலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள். டோக்கியோவிலிருந்து கிழக்காக நியூயார்க்குக்கு 10 மணி நேர வித்தியாசம். திங்கள் காலை 9 மணியோடு 10 கூட்டினால் திங்கள் இரவு 7. வழியில் தேதிக் கோட்டைக் கடந்தோம். ஒரு நாள் கழிக்க, ஞாயிறு இரவு 7. அதே விடை! எந்தப் பக்கமாகச் சுற்றிப் போனாலும் தங்கையின் கடிகாரம் ஒன்றுதான்.

இப்படியொரு கோடு இல்லாத காலத்தில் இதை அனுபவித்தே தெரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். 1519-இல் மகெல்லன் தலைமையில் ஸ்பெயினிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்ட கப்பல்களில் ஒன்று மட்டும் உலகைச் சுற்றிக்கொண்டு 1522 ஜூலையில் கேப் வெர்டி தீவுகளை அடைந்தது. மகெல்லன் வழியிலேயே இறந்துவிட்டார். கப்பலில் இருந்தவர்களின் கணக்குப்படி அன்று புதன்கிழமை. தீவில் இருந்தவர்களோ வியாழன் என்றார்கள். பயணத்தை எழுதி வைத்த பிகாஃபெட்டா ஒரு நாளும் விடாமல் குறிப்பு எடுத்தவர். அவரால் நம்ப முடியவில்லை. அவர் எண்ணியதில் பிழை இல்லை. சூரியன் போகும் திசையிலேயே அவர்களும் போனதால், ஒவ்வொரு நாளும் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீண்டது. அந்தத் துளிகள் எல்லாம் ஒரு முழுச் சுற்றில் சேர்ந்து, கரையில் இருந்தவர்களைவிட ஒரு சூரிய உதயத்தைக் குறைவாகப் பார்த்தார்கள்.

ஆகவே "கிழக்கு எப்போதும் முந்தும்" என்பதைத் தேதிக் கோட்டைக் கடக்காத வரை என்று சேர்த்தே படிக்க வேண்டும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தேதிக் கோடும் மண்டல எல்லைகளும் நேர்க்கோடுகள் அல்ல. அரசுகள் தம் வசதிக்கு வளைத்துக்கொள்கின்றன. கிரிபாட்டி நாட்டின் தீவுகளைத் தேதிக் கோடு இரண்டாகப் பிரித்திருந்தது; நாட்டின் ஒரு பகுதியில் ஞாயிறு என்றால் மற்றொரு பகுதியில் திங்கள். 1995 முதல் நாடு முழுவதும் ஒரே தேதி என்று அந்த அரசு மாற்றிக்கொண்டது. அதன் விளைவாக அங்குள்ள கிரிடிமாட்டி தீவும் ஹவாயின் ஹோனலூலுவும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன, கடிகாரமும் ஒரே மணியைக் காட்டுகிறது, ஆனால் தேதி மட்டும் ஒரு நாள் வேறு.

மாட்ரிட் இன்னும் வேடிக்கையான உதாரணம். வரைபடத்தில் அது லண்டனுக்கு மேற்கே இருக்கிறது. ஆனால் அதன் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முந்தியிருக்கிறது. 1940-இல் ஸ்பெயின் மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாறி, அதிலேயே நின்றுவிட்டது. சூரியன் அந்த ஆணைக்குக் கட்டுப்படவில்லை. குளிர்காலத்தில் மாட்ரிட்டில் ஒரு குச்சியை நட்டு நிழலை அளந்தால், அது மிகக் குறுகும்போது கடிகாரம் 12-ஐக் காட்டாது, பிற்பகல் 1.15-ஐ ஒட்டிக் காட்டும்.

வணக்கம்.