மங்கலான படத்துக்கு முதலிடம் கொடுத்த பைத்தான் ஸ்கிரிப்ட்: கண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது

[திரையில் இரண்டு படங்கள் அருகருகே]

இடப்பக்கப் படத்தைப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் எடுத்த முகம். இமை முடிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். வலப்பக்கம் இருப்பது இருட்டில் எடுத்தது. கை ஆடியிருக்கிறது. கண் எங்கே, மூக்கு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. கூர்மையை அளக்கும் ஸ்கிரிப்டிடம் இரண்டையும் கொடுத்தேன். அதிக மதிப்பெண் வாங்கியது வலப்பக்கப் படம்! நிரலில் பிழை ஏதும் இல்லை. அப்படியானால் அது எதை அளந்தது?

[திரையில் நிரல்]

```python
import cv2, glob

for p in sorted(glob.glob("photos/*.jpg")):
    g = cv2.imread(p, cv2.IMREAD_GRAYSCALE)
    if g is None:
        continue
    print(p, cv2.Laplacian(g, cv2.CV_64F).var())
```

`pip install opencv-python` என்று ஒருமுறை நிறுவிக்கொண்டால் போதும், இது ஓடிவிடும். கோப்பைத் திறக்க முடியாவிட்டால் `imread` பிழைச் செய்தியோடு நிற்காது, `None` என்று கொடுத்துவிடும். அதற்காகத்தான் அந்த `if`. `CV_64F` கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் கழித்தல் எண்கள் எல்லாம் தொலைந்துபோகும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

லாப்லேசியன் செய்வது சிறுவர் கணக்குதான். ஒரு பிக்சலின் மதிப்பை நான்கால் பெருக்கி, அதன் மேல், கீழ், இடம், வலம் உள்ள நான்கு பிக்சல்களையும் கழிக்கிறது. ஓப்பன்சிவி குறியை மாற்றிப்போட்டுக் கணக்கிடும். விடையின் அளவு அதேதான். வெறும் சுவரில் எல்லாப் பிக்சலும் 100 என்றால் 400-லிருந்து 400 போய்ச் சுழியம். இப்போது ஒரு செங்குத்தான விளிம்பு: இடப்பக்கம் முழுக்க 180, வலப்பக்கம் முழுக்க 60. விளிம்பை ஒட்டிய பிக்சலில் 720-லிருந்து 180, 180, 180, 60 ஆகியவற்றைக் கழித்தால் 120. மறுபக்கத்துப் பிக்சலில் கழித்தல் 120.

அதே விளிம்பு மங்கலாக இருந்தால் 180, 150, 120, 90, 60 என்று படிப்படியாக இறங்கும். நடுவிலுள்ள 150-ஐக் கணக்கிட்டுப் பாருங்கள்: 600-லிருந்து 150, 150, 180, 120 போனால் சுழியம்! சரிவின் நடுவில் எதுவுமே பதிவாகாது. இறக்கம் தொடங்கும் இடத்தில் 30, முடியும் இடத்தில் கழித்தல் 30, அவ்வளவுதான் வரும். ஸ்கிரிப்ட் கடைசியில் எடுப்பது விலக்க வர்க்கச் சராசரி, அதாவது இந்த எண்கள் வர்க்கப்படுத்தப்படுகின்றன. 120 எங்கே, 30 எங்கே? நான்கு மடங்கு வித்தியாசம் வர்க்கத்தில் பதினாறு மடங்காகிறது. கண்ணுக்கு லேசாகத் தெரியும் மங்கலை இந்த எண் உரக்கச் சொல்வது இதனால்தான்.

இந்த வர்க்கம்தான் நம்மைக் கவிழ்க்கவும் செய்கிறது.

இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தெரியும். அதை இரைச்சல் என்கிறோம். வெறும் சுவரைப் படமெடுத்தாலும் ஒவ்வொரு பிக்சலும் தன் போக்கில் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். அந்த ஆட்டத்தின் திட்ட விலக்கம் 5 என்று வைத்துக்கொள்வோம். 0 முதல் 255 வரையான அளவில் அது சிறிய எண்தான். அதன் வர்க்கம் 25. லாப்லேசியன் நடுப் பிக்சலை நான்கால் பெருக்குவதால் 16 மடங்கு, நான்கு அண்டைப் பிக்சல்கள் தரும் 4 மடங்கு, மொத்தம் 20 மடங்கு. 25-ஐ 20-ஆல் பெருக்கினால் 500.

வீடியோவை இங்கே நிறுத்தி அந்த எண்ணை ஒரு கணம் பாருங்கள். "100-க்குக் கீழே வந்தால் மங்கல்" என்ற வரம்பு இணையமெங்கும் உலவுகிறது. விளிம்பு ஒன்றுகூட இல்லாத வெற்றுச் சுவர், இரைச்சலை மட்டும் வைத்துக்கொண்டு 500 வாங்குகிறது! ஜேபெக் படங்களில் அண்டைப் பிக்சல்களின் இரைச்சல் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால் இந்த 20 மடங்கு பொதுவாகக் குறையும். ஆனாலும் அந்த 100 என்ற வரம்பை எந்தப் படத்தொகுப்புக்கும் நான் நம்பமாட்டேன்.

மருந்து ஒரு வரிதான்: அளப்பதற்கு முன் படத்தைச் சுருக்குங்கள்.

```python
s = 1000 / max(g.shape)
g = cv2.resize(g, None, fx=s, fy=s,
               interpolation=cv2.INTER_AREA)
```

4000 பிக்சல் அகலப் படம் 1000-க்கு வரும்போது பதினாறு பிக்சல்கள் சராசரியாகி ஒன்றாகின்றன. இரைச்சலின் 25 பதினாறால் வகுபட்டு ஏறக்குறைய 1.6 ஆகிறது, சுவரின் மதிப்பெண் 500-லிருந்து 31-க்கு இறங்குகிறது. இதற்கு ஒரு விலை உண்டு. இரண்டு பிக்சல் அளவிலான மெல்லிய மங்கலும் சுருக்கத்தில் மறைந்துவிடும். பெரிதாக அச்சிடப் போகும் படங்களுக்கு இது ஒத்துவராது.

[திரையில் எண்ணிட்ட ஆறு படங்கள், கோப்பின் பெயர்கள் மறைக்கப்பட்டிருக்கின்றன]

சரி, இப்போது கண்ணின் தீர்ப்பு. மதிப்பெண்களைப் பார்த்த பிறகு படங்களை வரிசைப்படுத்தினால் அது சோதனையே ஆகாது. படங்களின் பெயரை மாற்றுங்கள், கலைத்துப்போடுங்கள், ஸ்கிரிப்ட் பார்த்த அதே 1000 பிக்சல் அளவில் நீங்களும் பாருங்கள். அது சிறிய படத்தையும் நீங்கள் முழுப் படத்தையும் பார்த்தால் இருவரும் வேறு வேறு கேள்விக்கு விடை எழுதுகிறீர்கள்.

ஆறு படங்களைக் கண் 1 முதல் 6 வரை வரிசைப்படுத்துகிறது. கடைசி இடம் அந்த இருட்டுப் படத்துக்கு. ஸ்கிரிப்ட் அதை முதலிடத்தில் வைக்கிறது; மற்ற ஐந்தும் ஒழுங்கு மாறாமல் ஓரிடம் கீழே இறங்குகின்றன. இரண்டு வரிசைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் ஸ்பியர்மேன் தர ஒட்டுறவைக் கணக்கிடுவோம், முழுதும் ஒத்துப்போனால் அது 1. தர வித்தியாசங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் ஐந்து ஒன்றுகளும் ஒரு 25-ம் சேர்ந்து 30. அதை ஆறால் பெருக்கி 210-ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் 0.14. ஐந்து படங்களின் ஒழுங்கு சரியாக இருந்தும், இரைச்சலான ஒரே படம் மொத்த ஒப்புதலையும் தரைமட்டமாக்கிவிட்டது! நூறு படங்கள் என்றால் `scipy.stats.spearmanr` இதை ஒரே வரியில் செய்துவிடும். ஆனால் எண்ணை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். தர வித்தியாசம் மிக அதிகமாக உள்ள நான்கைந்து படங்களைத் திறந்து பாருங்கள், காரணம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று: மறுநாள் அதே படங்களை நீங்களே மறுபடி வரிசைப்படுத்துங்கள். உங்கள் இரண்டு வரிசைகளுக்கு இடையேயே ஒட்டுறவு 0.9 வந்தால், ஸ்கிரிப்டிடம் அதைவிடப் பெரிதாக எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சுருக்கிய பிறகு இருட்டுப் படம் கடைசிக்குப் போனது. கண் இரண்டாம் இடம் கொடுத்த படத்தை மட்டும் ஸ்கிரிப்ட் நான்காவதாக வைக்கிறது, ஒட்டுறவு 0.83. படத்தைத் திறந்தால் காரணம் புரிகிறது. முகம் கூர்மை, பின்னணி முழுக்க வேண்டுமென்றே கரைக்கப்பட்டிருக்கிறது. படம் முழுவதற்கும் ஒரே சராசரி எடுத்தால் அந்தப் பின்னணி முகத்தை மூழ்கடித்துவிடும். ஆகவே கட்டம் கட்டமாக அளந்து, மிகக் கூர்மையான கட்டத்தை எடுப்போம்.

```python
L = cv2.Laplacian(g, cv2.CV_64F)
h, w = L.shape
best = max(L[y:y+100, x:x+100].var()
           for y in range(0, h - 99, 100)
           for x in range(0, w - 99, 100))
```

முகத்தின் மேல் விழுந்த கட்டம் மதிப்பெண்ணைத் தூக்கிவிடுகிறது. ஆனால் ஃபோகஸ் தவறி, முகம் மங்கலாகவும் பின்னாலுள்ள இலைகள் கூர்மையாகவும் இருந்தால்? இலைகளின் கட்டம் வெல்லும், வீணான படம் மேலே வரும். முகம் இருக்கும் கட்டத்தை நீங்கள் குறிப்பிட்டாலொழிய இந்த ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது.

அதனால் நான் வேறு வேறு காட்சிகளை இந்த எண்ணால் ஒப்பிடுவதில்லை. ஒரே காட்சியைத் தொடர்ந்து பத்துமுறை எடுத்திருந்தால் ஒளி, இரைச்சல், பின்னணி எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. அங்கே மதிப்பெண்ணில் தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் மங்கலின் வித்தியாசம்தான். அந்தப் பத்தில் மேலே வரும் மூன்றை மட்டும் திறந்து முகத்தைப் பார்க்கிறேன், ஒன்றை வைத்துக்கொள்கிறேன். உங்கள் படங்களில் ஸ்கிரிப்டும் கண்ணும் எந்தப் படத்தில் அதிகமாக முரண்பட்டன என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். காரணத்தையும் சேர்த்து எழுதினால் எனக்கு இன்னும் மகிழ்ச்சி.