நாணயம் போட்டால் பொருள் தரும் இயந்திரம்: முதலில் தாளில், பிறகு கோடில்

[திரையில்: வெள்ளைத் தாள், மூன்று வட்டங்கள்]

இயந்திரத்தில் ஒரே பொருள்தான் இருக்கிறது, விலை 15. அது 5, 10 என்ற இரண்டு நாணயங்களை மட்டும் வாங்கும். கோடு எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி: இந்த இயந்திரம் எதை நினைவில் வைத்திருக்க வேண்டும்? எந்த நாணயம் எந்த வரிசையில் விழுந்தது என்பது தேவையில்லை, இதுவரை சேர்ந்த தொகை போதும். அது 0, 5, 10 ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். 15 சேர்ந்த உடனே பொருளைக் கொடுத்துவிட்டு மறுபடி 0க்குப் போய்விடுகிறோம். ஆக, மூன்றே நிலைகள்.

[திரையில்: அட்டவணை ஒவ்வொரு கட்டமாக நிரம்புகிறது]

```
      -     5      10        X
S0    S0    S5     S10       S0
S5    S5    S10    S0/V      S0/R5
S10   S10   S0/V   S0/V+R5   S0/R10
```

S0, S5, S10 என்பவை தொகை 0, 5, 10 ஆக இருக்கும் நிலைகள். கட்டத்தில் முதலில் இருப்பது அடுத்த நிலை, சாய்கோட்டுக்குப் பின் இருப்பது வெளியே போவது. ‘-’ குறி உள்ள பத்தி, நாணயம் எதுவும் வராத நேரம். X ரத்துப் பொத்தான், V பொருள், R திருப்பித் தரும் பணம்.

S10 வரிசையில் 10 விழும் கட்டத்தைப் பாருங்கள். தொகை 20 ஆகிறது; பொருளோடு 5 மீதியும் போக வேண்டும். வட்டமும் அம்புமாக வரையும்போது இந்த அம்பு எளிதில் விட்டுப்போகும். அட்டவணையில் விடமுடியாது, வெறும் கட்டம் பளிச்சென்று தெரியும். அதனால்தான் படத்தோடு நிறுத்தாமல் அட்டவணையும் போடச் சொல்கிறேன்.

[திரையில்: சென்சார் சிக்னல், அதன் கீழே கடிகாரத் துடிப்புகள்]

சரி, அட்டவணை நிரம்பிவிட்டது. ஆனால் ‘5 வந்தது’ என்பதற்கு என்ன பொருள்? நாணயம் சென்சாரைக் கடக்க 40 மில்லி விநாடி ஆகிறது, கடிகாரம் மில்லி விநாடிக்கு ஒரு முறை துடிக்கிறது, ஒவ்வொரு துடிப்பிலும் இயந்திரம் அட்டவணையைப் பார்த்து நிலை மாறுகிறது என்று வையுங்கள். அந்த 40 துடிப்பிலும் சிக்னல் 1 ஆகவே இருக்கும். S0, S5, S10, மறுபடி S0 என்று மூன்று துடிப்புக்கு ஒரு பொருள் வெளியே போகும். ஒரே ஒரு 5 நாணயத்துக்கு 13 பொருள் போய்விடும், கடைசியில் இயந்திரம் S5இல் நிற்கும்!

இதைச் சோதனையில் கண்டுபிடிப்பதும் சுலபம். ஒரு நாணயம் போட்டதும் நிலை ஒரு முறைக்கு மேல் மாறினால் காரணம் பெரும்பாலும் இதுதான். அட்டவணையைத் தொடவே வேண்டாம். சிக்னல் 0இலிருந்து 1க்கு ஏறும் அந்த ஒரு துடிப்பை மட்டும் உள்ளே விட்டால் போதும்:

```
pulse = coin & ~prev
```

`prev` என்பது முந்தைய துடிப்பில் இருந்த மதிப்பு.

[திரையில்: 00, 01, 10, 11]

அப்புறம், மூன்று நிலைகளுக்கு இரண்டு பிட் வேண்டும். இரண்டு பிட்டில் நான்கு குறியீடு வருவதால் 11 சும்மா கிடக்கிறது. மின்சாரம் வரும் கணத்திலோ மின் இரைச்சலாலோ இயந்திரம் அதில் போய் விழலாம். அதற்கும் ஒரு வரிசை போட்டு, எல்லாக் கட்டத்திலும் S0 என்று நிரப்பிவிடுங்கள். `case` எழுதும்போது `default` வரியில் வருவது இந்த வரிசைதான்.